கலர் வரைபடம், கறுப்பு இங்க், ஆறு கோடுகள்

கேள்வி: “கல்லூரி ப்ராஜெக்ட் ரிப்போர்ட், 64 பக்கம், பிடிஎஃப். வீட்டில் இங்க் டேங்க் பிரிண்டர் இருக்கிறது. கலர் இங்க் தீரும் நிலை, அதனால் கிரேஸ்கேலில் போட்டேன். ஆறு கிணறுகளின் நீர்மட்டக் கோடுகளில் எது எந்தக் கிணறு என்றே தெரியவில்லை. நான்கு வரைபடம் நான் எக்செலில் போட்டது. இரண்டு வேறொரு அறிக்கையிலிருந்து எடுத்தது, அதற்கு பிடிஎஃப் பக்கம் மட்டும்தான் இருக்கிறது. மூன்று பிரதி வேண்டும். என்ன செய்யலாம்?”

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு. எக்செலில் நீங்களே போட்ட நான்கு வரைபடங்களிலும் நிறத்தை எடுத்துவிட்டு, கறுப்புக் கோட்டையே விதவிதமாகப் போடுங்கள்: ஒன்று முழுக்கோடு, ஒன்று வெட்டுக்கோடு, ஒன்று புள்ளிக்கோடு, ஒன்றில் வட்டக் குறி என்று. கிணற்றின் பெயரை அந்தந்தக் கோட்டின் முனையிலேயே எழுதிவிடுங்கள். பிடிஎஃப் மட்டும் கையில் இருக்கும் இரண்டு பக்கங்களை இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் திறந்து இதே வேலையைச் செய்யலாம். முடியாவிட்டால் அந்த இரண்டு பக்கங்களை மட்டும் கலரில் போட்டுவிடுங்கள். மூன்று பிரதிக்கு மொத்தம் ஆறு தாள்தான், மெல்லிய கோடுகளுக்குச் செலவாகும் கலர் இங்க் மிகக் குறைவு. மற்ற பக்கங்கள் எல்லாம் கறுப்பு இங்க்கில் போகட்டும். பிரிண்டரில் வேறு எந்த அமைப்பை மாற்றினாலும், ஒன்றாகிப்போன கோடுகளைப் பிரித்துத் தராது.

ஏன் ஒன்றாகின்றன என்பதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டால், அடுத்த வரைபடத்திலிருந்து உங்களுக்கே கை பழகிவிடும். திரையில் ஒவ்வொரு நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களின் கலவை, ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. சாம்பலாக மாற்றும்போது மூன்றையும் ஒரே எண்ணாகச் சுருக்குகிறார்கள். நம் கண்ணுக்குப் பச்சை அதிக வெளிச்சமாகவும் நீலம் மிகக் குறைந்த வெளிச்சமாகவும் தெரிவதால், அதற்கேற்ற எடை கொடுக்கிறார்கள். பரவலாகப் பயன்படும் சூத்திரம் இது:

```
Y = 0.299 R + 0.587 G + 0.114 B
```

எக்செலில் பல ஆண்டுகள் இருந்த வழக்கமான வண்ண வரிசையை எடுத்துக்கொள்வோம். ஆறு கோடு போட்டால் நீலம், ஆரஞ்சு, சாம்பல், மஞ்சள், இளநீலம், பச்சை என்ற வரிசையில் தானாகவே நிறம் வரும். உங்களுடையதும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். பச்சையின் எண்கள் 112, 173, 71. சூத்திரத்தில் போட்டால் 143 வருகிறது. இளநீலத்தின் எண்கள் 91, 155, 213. அதைப் போட்டால் 142. திரையில் வானமும் வயலும் போலத் தனித்தனியாகத் தெரிந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே சாம்பலில் மிஞ்சியது ஒரே ஒரு படி. ஆரஞ்சு 150-இல் வந்து நிற்கிறது, அதுவும் இவற்றோடு சேர்ந்துவிடும். சாம்பல் கோடு 165. ஆக ஆறில் நான்கு கோடுகள் 142-க்கும் 165-க்கும் நடுவே நெருக்கியடித்து நிற்கின்றன. தனித்து நிற்பவை 110-இல் இருக்கும் நீலமும் 189-இல் இருக்கும் மஞ்சளும் மட்டுமே. “எது எந்தக் கிணறு என்றே தெரியவில்லை” என்று நீங்கள் எழுதியது இந்த எண்களால்தான். உங்கள் பிரிண்டரில் கோளாறு எதுவும் இல்லை.

புதிய எக்செலில் வண்ண வரிசையை மாற்றியிருக்கிறார்கள். ஆனால் இந்தச் சிக்கல் அங்கேயும் இருக்கிறது. முதல் கோட்டுக்கு வரும் கருநீலப்பச்சை சாம்பலில் 77, மூன்றாவதாக வரும் கரும்பச்சை 74. மூன்றே கோடு போட்டாலும் அதில் இரண்டு ஒன்றாகிவிடும். இந்த வண்ணங்களில் பல திரையில் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில், ஒன்றை ஒன்று அமுக்காமல் தெரிகின்றன. ஒரே அழுத்தம் என்றாலே சாம்பலில் ஒரே எண்தான். திரைக்கு எது அழகோ அதுவே இங்கே நமக்குத் தொல்லை. எல்லா மென்பொருளும் டிரைவரும் இதே எடைகளைத்தான் பயன்படுத்தும் என்றும் சொல்ல முடியாது. எடை மாறினால் எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே நகரும். ஆனால் ஒட்டி நிற்பவை பெரிதாக விலகிவிடாது.

தாளை வீணாக்காமல் இதைத் திரையிலேயே பார்த்துவிடலாம். விண்டோஸில் `Settings` திறந்து `Accessibility` பகுதியில் `Color filters` என்பதற்குள் போனால் `Grayscale` இருக்கும். அதை இயக்கினால் முழுத் திரையும் சாம்பலாகிவிடும். அங்கேயே குறுக்கு விசைக்கான தேர்வையும் இயக்கிவிட்டால், பிறகு எப்போது வேண்டுமானாலும் Windows + Ctrl + C அழுத்தி மாற்றி மாற்றிப் பார்க்கலாம். வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கோட்டை இடது முனையிலிருந்து வலது முனை வரை கண்ணாலேயே பின்தொடருங்கள். மற்றொன்றைக் கடக்கும் இடத்தில் எந்தப் பக்கம் போவது என்று கண் தயங்கினால், அந்த வரைபடம் தேறாது. விளக்கப் பெட்டியில் இருக்கும் மாதிரிக் கோடுகளை வைத்து முடிவு செய்யாதீர்கள். அங்கே கோடுகள் அருகருகே, ஒழுங்காக, வெள்ளைப் பின்னணியில் இருப்பதால் 20 படி வித்தியாசம்கூடத் தெரிந்துவிடும். வரைபடத்துக்குள் அது தெரியாது.

திரையில் தேறியதும் தாளில் தேறாமல் போகலாம். இதைப் பலர் கவனிப்பதில்லை. பெரும்பாலான வீட்டுப் பிரிண்டர்களில் சாம்பல் இங்க் கிடையாது. இருப்பது கறுப்பு. வெள்ளைத் தாளில் கறுப்புப் புள்ளிகளை இடைவெளி விட்டுத் தெளித்துத்தான் சாம்பல் போலக் காட்டுகிறது. பெரிய பட்டையில் இந்த ஏமாற்று வேலை நன்றாக எடுபடும். மெல்லிய கோட்டில் எடுபடாது. அங்குலத்துக்கு 600 புள்ளி வைக்கும் பிரிண்டரில் 0.75 பாயிண்ட் கோட்டின் அகலம் ஆறு புள்ளிதான், கால் மில்லிமீட்டரை ஒட்டி வரும். மஞ்சளிலிருந்து வந்த 189 என்ற சாம்பலுக்கு அந்த இடத்தில் ஏறக்குறைய கால் பங்கு புள்ளிகளை மட்டுமே வைக்க வேண்டும். ஆறு புள்ளி அகலத்தில் கால் பங்கைச் சிதறவிட்டால் கோடு எங்கே இருக்கும்? தூசி படிந்த தடம் மாதிரி ஒன்றுதான் இருக்கும். லேசர் பிரிண்டரில் புள்ளிகள் ஒழுங்கான வலைபோல விழுவதால், மெல்லிய சாம்பல் கோடு தானாகவே புள்ளிக்கோடு போலத் தெரிய ஆரம்பிக்கும். நீங்கள் முழுக்கோடாக வரைந்ததை, பார்ப்பவர் புள்ளிக்கோடு என்று நினைத்துவிடுவார். உருப்பெருக்கிக் கண்ணாடியோ போன் கேமராவோ வைத்துப் பாருங்கள், விளிம்பு ரம்பப் பல் மாதிரி இருக்கும்.

அதனால்தான் “நிறத்துக்குப் பதில் ஆறு வகைச் சாம்பல் போடலாமே” என்ற யோசனையை நான் ஏற்பதில்லை. எக்செலில் `Change Colors` என்பதற்குள் `Monochromatic` என்று ஒரே நிறத்தின் ஏறுவரிசைகள் தயாராக இருக்கின்றன. பார்க்க ஆசையாக இருக்கும். ஆறு கோட்டுக்கு அதைப் போட்டால் பக்கத்துப் பக்கத்துப் படிகள் ஒட்டிக்கொள்ளும். என் அனுபவத்தில் சாதாரணத் தாளில் கோட்டுக்கு நம்பிப் பயன்படுத்தக்கூடிய அழுத்தங்கள் இரண்டு: கறுப்பு, நடுச்சாம்பல். தடிமனைக் கூட்டினால் மூன்றாவதாக ஒரு வெளிர்சாம்பலைச் சேர்க்கலாம். அதற்கு மேல் வேண்டாம். இன்னொன்று, ப்ராஜெக்ட் ரிப்போர்ட் என்றால் யாராவது ஒருவர் அதை ஜெராக்ஸ் எடுக்கத்தான் செய்வார். ஜெராக்ஸில் சாம்பல் அடையாளம் தெரியாமல் மாறிவிடும், கறுப்பு வெட்டுக்கோடு அப்படியே நிற்கும்.

இப்போது உங்கள் எக்செல் வரைபடத்துக்கு வருவோம். கோட்டின் மேல் வலது சொடுக்கு, `Format Data Series`, அதில் பெயின்ட் வாளிப் படம் போட்ட பகுதி. `Color`, `Width`, `Dash type` மூன்றும் அங்கேயே இருக்கின்றன. `Dash type` பட்டியலில் எட்டு வகை இருக்கும். எட்டையும் நம்பி இறங்க வேண்டாம். `Round Dot`, `Square Dot` இரண்டும் தாளில் ஒன்றுபோலவே தெரியும். `Dash`, `Long Dash` இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் பிரித்தறிய முடியும். நான் நம்பிப் பயன்படுத்துபவை நான்கு: `Solid`, `Square Dot`, `Long Dash`, `Long Dash Dot`. நான்காவதைக்கூட நீண்டு ஓடும் கோட்டுக்கு மட்டும் கொடுப்பேன்.

ஆறு கிணறு, 12 மாதம் என்றால் நான் இப்படிப் பிரிப்பேன். முதல் கிணற்றுக்கு முழுக் கறுப்புக் கோடு, 1.5 பாயிண்ட். இரண்டாவதற்குக் கறுப்பு `Long Dash`, அதே தடிமன். மூன்றாவதற்குக் கறுப்பு `Square Dot`, தடிமன் 2 பாயிண்ட், ஏனென்றால் புள்ளிக்கோடு எப்போதும் மெலிந்து தெரியும். நான்காவதற்கு நடுச்சாம்பல், வெட்டு எதுவும் இல்லாமல் முழுக்கோடு, 3 பாயிண்ட். ஐந்தாவதும் ஆறாவதும் மெல்லிய கறுப்புக் கோடு, 1 பாயிண்ட். ஆனால் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு குறி: ஐந்தாவதில் உள்ளே வெள்ளையான வட்டம், ஆறாவதில் கறுப்பு நிரப்பிய முக்கோணம். குறி வைப்பது அதே பகுதியில் `Marker` என்பதற்குள் இருக்கிறது. `Built-in` தேர்ந்து அளவை 7 வைத்தால் போதும். வட்டத்தின் உள்நிறத்தை வெள்ளையாகக் கொடுக்க மறக்காதீர்கள். நிறமே இல்லை என்று விட்டால் உள்ளே ஓடும் கோடு தெரிந்து வட்டம் குழம்பிப்போகும்.

இதில் ஒரு கட்டுப்பாட்டை மட்டும் விடாமல் கடைப்பிடியுங்கள். சாம்பலும் வெட்டும் ஒரே கோட்டில் சேரக் கூடாது. சாம்பல் ஏற்கெனவே புள்ளிகளால் ஆனது. அதை வெட்டினால் வெட்டின் விளிம்பும் புள்ளிகளும் கலந்து, எது இடைவெளி எது கோடு என்று தெரியாது. வெட்டு வேண்டுமா, முழுக் கறுப்பில் போடுங்கள். சாம்பல் வேண்டுமா, முழுக்கோடாகத் தடிமனாகப் போடுங்கள்.

எந்தக் கிணற்றுக்கு எந்த வகை என்பதையும் வரிசைப்படி கொடுத்துவிட வேண்டாம். அடிக்கடி ஒன்றை ஒன்று வெட்டிக்கொள்ளும் இரண்டு கோடுகளைக் கண்டுபிடித்து, அவற்றுக்கு மிகவும் வேறுபட்ட வகைகளைக் கொடுங்கள். இரண்டு கிணறுகளின் நீர்மட்டம் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் ஒட்டி ஒட்டிப் போகிறது என்றால், ஒன்றுக்குத் தடித்த சாம்பல், மற்றொன்றுக்கு முக்கோணக் குறி. ஒன்றின் மேல் ஒன்று ஏறினாலும் இரண்டும் தெரியும். தடித்த சாம்பலை எக்செலில் `Select Data` பட்டியலில் முதலாவதாக நகர்த்திவிடுங்கள். பட்டியலில் முதலில் இருப்பதை அடியில் வரைந்துவிட்டு மற்றவற்றை அதன் மேல் வரைவதால், கறுப்புக் கோடுகள் சாம்பலின் மேலே ஓடும்.

12 புள்ளிக்கு இது சரி. தினசரி அளவீடு, 365 புள்ளி என்றால் கதையே வேறு. ஒவ்வொரு நாளுக்கும் குறி வைத்தால் கோடு கம்பளிப்பூச்சி ஆகிவிடும். ஏற்ற இறக்கம் அதிகமான கோட்டை வெட்டினால் வெட்டின் இடைவெளி உச்சியிலேயே விழுந்து, உச்சி இருந்த இடமே தெரியாமல் போகும். அப்படிப்பட்ட தரவுக்கு நான் ஆறு கோட்டையும் ஒரே கட்டத்தில் போடுவதை விட்டுவிடுவேன். ஒரே அச்சளவில் ஆறு சிறிய கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கறுப்புக் கோடு. ஒரு பக்கத்தில் இரண்டு வரிசையாக அடங்கும். நிறமே தேவைப்படாது.

அடுத்தது விளக்கப் பெட்டி. எக்செல் விளக்கப் பெட்டியில் வரும் மாதிரிக் கோடு மிகவும் சிறியது. `Long Dash` கோட்டில் வெட்டும் இடைவெளியும் மாறி மாறி வருவதைக் காட்ட அதில் இடம் போதாது. பார்ப்பவருக்கு இரண்டு துண்டுதான் தெரியும், எந்தக் கோட்டோடு ஒப்பிடுவது என்று புரியாது. அதனால் பெட்டியை நீக்கிவிட்டு, கோட்டின் கடைசிப் புள்ளியிலேயே பெயரை எழுதுங்கள். கோட்டை ஒருமுறை சொடுக்கி, சற்று நிறுத்தி, கடைசிப் புள்ளியை மட்டும் மறுபடி சொடுக்கினால் அந்த ஒரு புள்ளி மட்டும் தேர்வாகும். வலது சொடுக்கில் `Add Data Label`. பிறகு `Format Data Labels` திறந்து `Series Name` டிக் செய்து `Value` டிக்கை எடுத்துவிடுங்கள். வலப்பக்கம் பெயருக்கு இடம் இல்லாவிட்டால் வரைபடப் பகுதியின் வலது விளிம்பைப் பிடித்து உள்ளே இழுத்தால் இடம் கிடைக்கும். இரண்டு கோடுகள் ஒரே இடத்தில் முடிந்து பெயர்கள் ஏறிக்கொண்டால் ஒன்றை மேலும் ஒன்றைக் கீழும் கையால் நகர்த்துங்கள். நான்கு வரைபடத்துக்கு அரை மணி நேரம் பிடிக்கும். இந்த அரை மணி நேரத்தைத் தயங்காமல் கொடுங்கள். பெயர் கோட்டிலேயே இருந்துவிட்டால், கோட்டு வகை கொஞ்சம் சொதப்பினாலும் வாசிப்பவர் வழி தவறமாட்டார்.

திருத்திய வரைபடத்தை வேர்டில் ஒட்டும்போது படமாக ஒட்டாமல் வரைபடமாகவே ஒட்டுங்கள். திரையில் படம்பிடித்து ஒட்டினால் வெட்டுக்கோட்டின் ஓரங்கள் மங்கி, கறுப்பு சாம்பலாகி, இவ்வளவு செய்த வேலையும் வீணாகும். பிடிஎஃப் ஆக்கிய பின் 800 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். கோட்டு விளிம்பு கூர்மையாக இருந்தால் சரி, சதுரக் கட்டங்களாக உடைந்தால் படமாகியிருக்கிறது.

அந்த இரண்டு கடன்வாங்கிய பக்கங்களுக்கும் முதல் சோதனை இதே 800 சதவீதம்தான். கட்டங்களாக உடைகிறதென்றால் அது படம். கோட்டைத் தனியாகப் பிடிக்கவே முடியாது, அந்தப் பக்கத்தைக் கலரில் போட்டுவிடுவதுதான் நேர்மையான வழி. கூர்மையாக இருந்தால் இங்க்ஸ்கேப்பில் திறக்கலாம். திறக்கும்போது எந்தப் பக்கம் வேண்டும் என்று ஒரு பெட்டி கேட்கும். தமிழ் எழுத்து உள்ள பக்கம் என்றால் அங்கே ஒரு எச்சரிக்கை: எழுத்தை எழுத்தாகவே எடுத்துவந்தால் கொம்பும் காலும் இடம் மாறி உடைந்துவிடலாம். எழுத்துகளை உருவங்களாக எடுத்துவரும் தேர்வைக் கொடுங்கள். பல பதிப்புகளில் அதன் பெயர் `Poppler/Cairo import`. தேடவோ திருத்தவோ முடியாது, ஆனால் அச்சுக்கு அப்படியே இருக்கும்.

உள்ளே வந்ததும் Ctrl அழுத்தியபடி பச்சைக் கோட்டைச் சொடுக்குங்கள், குழுவுக்குள் இருந்தாலும் அது தேர்வாகும். `Edit` பட்டியலில் `Select Same`, அதில் `Stroke Color`. அந்தப் பச்சையில் இருக்கும் எல்லாம், விளக்கப் பெட்டி மாதிரி உட்பட, ஒன்றாகத் தேர்வாகிவிடும். Ctrl + Shift + F அழுத்தினால் வரும் பெட்டியில் `Stroke paint` கறுப்பாக்கி, `Stroke style` பகுதியில் `Dashes` மாற்றுங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் இதையே செய்துவிட்டு பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். இந்த வேலையைச் சாம்பலாக்குவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். நிறம் இருக்கும்வரைதான் எந்தக் கோடு எது என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு தொல்லை வரலாம். சில மென்பொருள்கள் ஒரு கோட்டை ஒரே கோடாக எழுதாமல், மாதத்துக்கு ஒரு துண்டாக எழுதியிருக்கும். அப்படி இருந்தால் வெட்டு வரிசை ஒவ்வொரு துண்டிலும் புதிதாகத் தொடங்கும். துண்டு சிறியதாக இருந்தால் இடைவெளியே வராமல் முழுக்கோடு போலவே நிற்கும். சொடுக்கும்போது கோட்டின் ஒரு சிறு பகுதி மட்டும் தேர்வானால் அதுதான் காரணம். அந்தக் கோட்டுக்கு வெட்டை விட்டுவிட்டு, தடிமனையும் சாம்பலையும் கொடுத்துவிடுங்கள். மற்றவரின் வரைபடத்தில் கோட்டு வகையை மாற்றியிருப்பதால் படத்தின் கீழே “கறுப்பு வெள்ளை அச்சுக்காகக் கோட்டு வகை மாற்றப்பட்டது” என்று ஒரு வரி சேர்ப்பது முறை.

எல்லாம் கூடியபின் முழுக் கோப்பையும் சாம்பலாக்க கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற இலவச மென்பொருள் போதும், கட்டளைச் சாளரத்தில் கீழே உள்ள வரியைக் கொடுக்க வேண்டும். எழுத்தும் கோடும் படமாகாமல் அப்படியே இருக்கும், நிறம் மட்டும் மாறும்.

```
gswin64c -o gray.pdf -sDEVICE=pdfwrite -sColorConversionStrategy=Gray -dProcessColorModel=/DeviceGray report.pdf
```

லினக்ஸில் `gswin64c` இடத்தில் `gs` என்று எழுதினால் சரி. இதை ஏன் செய்யச் சொல்கிறேன் என்றால், எந்த நிறம் எந்தச் சாம்பலாகும் என்பதை டிரைவரிடம் விடாமல் திரையிலேயே பார்த்துவிடலாம். இங்க்ஸ்கேப்பில் திருத்திய பக்கம் 23-ஆம் பக்கம், அதை `p23.pdf` என்று சேமித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், அதை உரிய இடத்தில் பொருத்த `qpdf` என்ற இன்னொரு இலவச மென்பொருளில் இந்தக் கட்டளை:

```
qpdf report.pdf --pages . 1-22 p23.pdf 1 . 24-z -- final.pdf
```

முதலில் இந்தப் பொருத்தல், பிறகு சாம்பலாக்கல். அப்போது `gs` கட்டளையில் `report.pdf` இடத்தில் `final.pdf` என்று கொடுங்கள்.

கோப்பு சாம்பலாகிவிட்டது என்பதால் பிரிண்டர் கறுப்பு இங்க்கை மட்டும் எடுக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். பல இங்க்ஜெட்டுகள் சாம்பலை மென்மையாகக் காட்ட மூன்று கலர் இங்க்குகளையும் கலந்து அடிக்கும். எச்பி டிரைவரில் இது வெளிப்படையாகவே இருக்கிறது: `Print in Grayscale` என்பதன் கீழே `Black Ink Only` என்றும் `High Quality Grayscale` என்றும் இரண்டு. உங்களுக்கு வேண்டியது முதலாவது. மற்ற டிரைவர்களில் பெயர் வேறாக இருக்கும். தாள் வகையும் முக்கியம். கறுப்பு ஒரு வகை இங்க், கலர் மூன்றும் வேறு வகை இங்க் என்று அமைந்த பிரிண்டர்களில், தாள் வகையை போட்டோ பேப்பர் என்று விட்டுவைத்தால் கறுப்பைக்கூடக் கலரில் கலந்து அடிக்கும். சாதாரணத் தாள் என்றே கொடுங்கள். கலர் கலந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க, அச்சான சாம்பல் பகுதியை போன் கேமராவில் நெருங்கிப் பாருங்கள். நீல, சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால் கலர் இங்க் போயிருக்கிறது. பிரிண்டரின் அச்சுத் தலையைச் சுத்தம் செய்யும்போது எப்படியும் கொஞ்சம் கலர் இங்க் செலவாகும், அதைத் தடுக்க முடியாது.

இங்க் மிச்சம் என்று வரும்போது இன்னொன்றையும் பாருங்கள். கரும்பச்சைப் பட்டையில் வெள்ளை எழுத்தில் தலைப்பு, வரைபடத்துக்குப் பின்னால் நிறப் பின்னணி, அட்டவணையில் வரிக்கு வரி வண்ணம் என்று இருந்தால், சாம்பலாக்கியபின் அதெல்லாம் கறுப்பு இங்க்கைக் குடிக்கும். கோடுகள் குடிப்பது அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. மூலக் கோப்பு உங்களிடமே இருப்பதால் பட்டைகளை எடுத்துவிட்டுத் தலைப்பைக் கறுப்பில் தடித்த எழுத்தாக்குங்கள். நிறப் பின்னணியை எடுத்தால் கோடுகளும் இன்னும் தெளிவாகும்.

`Draft` தரத்தை எழுத்துப் பக்கங்களுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். வரைபடப் பக்கங்களுக்கு வேண்டாம். அந்தத் தரத்தில் புள்ளிகளைக் குறைத்து வேகமாக ஓட்டுவதால் 1 பாயிண்ட் கோடு விட்டுவிட்டு விழும், வெட்டுக்கோடும் முழுக்கோடும் ஒன்றையொன்று ஒத்துப்போகும். லேசரில் டோனர் மிச்சப்படுத்தும் தேர்வுக்கும் இது பொருந்தும். ஒரு தாளில் இரண்டு பக்கம் போடும் எண்ணம் இருந்தால், எல்லாம் ஏறக்குறைய 70 சதவீதமாகச் சுருங்கும் என்பதை முன்பே கணக்கில் எடுங்கள். 1 பாயிண்ட் கோடு 0.7 ஆகும், 7 அளவுக் குறி 5 ஆகும். அப்போது எல்லாத் தடிமனையும் ஒன்றரை மடங்காக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று பிரதியையும் ஓடவிடுமுன் கோடுகள் அதிகம் பின்னிக்கிடக்கும் ஒரே ஒரு வரைபடப் பக்கத்தை அச்சிட்டு, மை நன்றாக உலர்ந்தபின் ப்ராஜெக்ட்டைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். “மூன்றாம் கிணற்றில் நவம்பரில் எவ்வளவு?” என்று கேளுங்கள். அவர் விரல் கோட்டைத் தொடர்ந்து சரியான எண்ணில் போய் நின்றால் மிச்சப் பக்கங்களை ஓடவிடலாம். நடுவில் வேறு கோட்டுக்குத் தாவினால், அவர் விரல் தாவிய இடத்தில் வெட்டிக்கொள்ளும் இரண்டு கோடுகளில் ஒன்றின் வகையை மட்டும் மாற்றுங்கள்.